பேரேட்டின் ஓரத்தில் பென்சில் புள்ளிகள்: இரவுப்பணி எழுத்தரைப் பற்றி ஒரு சிறுகதை எழுதும் முறை

இரவில் தனியாக ஒரு பெண் உட்கார்ந்து, மங்கிப்போன பழைய பேரேட்டின் புகைப்படங்களைப் பார்த்துக் கணினியில் தட்டச்சு செய்கிறாள். பக்க ஓரங்களில் ஏதோ திரும்பத் திரும்ப வருவதைக் கவனிக்கிறாள். இதைக் கேட்டதும் அரை மணி நேரத்தில் மூன்று பக்கம் எழுதிவிடலாம் என்று தோன்றும். நான்காம் பக்கத்தில்தான் சிக்கல் தொடங்கும். ஓரத்தில் இருப்பது என்ன என்று எழுதுபவருக்கே தெரியாது. அப்போது கைக்கு எளிதாக வருபவை மூன்று: புதையலுக்கு வழிகாட்டும் சங்கேதம், இறந்துபோன எழுத்தரின் ஆவி, தட்டச்சு செய்பவளின் பெயரே பழைய ஏட்டில் இருக்கும் திடுக்கிடல். மூன்றையும் விட்டுவிடச் சொல்வேன். கணக்கு எழுதுகிறவன் ஓரத்தில் எதையாவது குறித்தால் அதுவும் பெரும்பாலும் கணக்காகத்தான் இருக்கும். அந்த ஓரக் கணக்கை வாசகர் தானே கூட்டிப் பார்க்க முடிய வேண்டும். கதை நிற்பதும் விழுவதும் அங்கேதான்.

அதனால் இந்த வழிகாட்டியின் வரிசை வழக்கத்துக்கு மாறாக இருக்கும். பாத்திரத்திலிருந்து தொடங்கப் போவதில்லை. முதலில் ஏடு, பிறகு மை, அதன் பிறகே ஆள்.

படி 1: பேரேட்டை நீங்களே எழுதுங்கள்

கதையின் முதல் வாக்கியத்துக்கு முன்பு, கோடு போட்ட தாளில் நான்கு பக்கப் பேரேட்டைக் கையால் எழுதுங்கள். மனத்தில் வைத்துக்கொண்டால் போதாது. கையால் எழுதும்போதுதான் ஓரத்தில் எவ்வளவு இடம் இருக்கிறது, புள்ளி எந்த வரிக்கு நேராக விழுகிறது, பக்கத்தின் அடியில் எதற்கு இடமிருக்கிறது என்பதெல்லாம் தெரியவரும்.

எந்த வகைப் பேரேடு? சரக்கு, கடன், வாடகை என்று பல இருந்தாலும் இந்தக் கதைக்குக் கூலிப் பேரேடுதான் பொருத்தம் என்பது என் தீர்ப்பு. ஒவ்வொரு வரியிலும் ஓர் ஆள் இருப்பார். ஆனால் அவர் வெறும் எண்ணாக இருப்பார். மனிதர்களை நேரடியாக விவரிக்காமலே மனிதர்களைப் பற்றி எழுத அது இடம் தருகிறது. ஒரு பக்கம் ஒரு வாரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பத்திகள் நான்கு: தொழிலாளியின் எண், வேலை செய்த நாள், நாள் கூலி, கொடுத்த தொகை. நாள் கூலி எல்லோருக்கும் 4 என்று வைத்தால் கணக்கு வாசகரின் தலைக்குள்ளேயே ஓடும். நாணயத்தின் பெயர்கூட வேண்டாம். தட்டச்சு செய்பவளுக்கு அது வெறும் எண்தானே.

ஓரத்தில் என்ன இருக்கிறது என்பதை இப்போது முடிவு செய்ய வேண்டும். நான் எடுத்துக்கொள்ளும் கணக்கு இது. பழைய எழுத்தர், சில தொழிலாளிகளின் வரிக்கு நேராக இடது ஓரத்தில் பென்சிலால் சிறு புள்ளிகள் வைத்திருக்கிறார். அவை அந்த ஆள் உண்மையில் வேலைக்கு வந்த நாள்கள். பத்தியில் மையால் எழுதியிருப்பவை கூலி கொடுக்கப்பட்ட நாள்கள். இரண்டும் ஒன்றாக இருக்கும் ஆள்களுக்குப் புள்ளியே கிடையாது. குறைத்துக் கொடுக்கப்பட்டவர்களுக்கு மட்டுமே உண்டு. பக்கத்தின் அடியில், மைக் கூட்டுத்தொகைக்குக் கீழே, ஒரு சின்னப் பென்சில் எண். அது அதுவரை பாக்கி நிற்கும் நாள்களின் கூட்டு.

| வாரம் | தொழிலாளி எண் | மையில் (கொடுத்த நாள்) | ஓரத்தில் (புள்ளி) | அடியில் பென்சில் எண் |
|---|---|---|---|---|
| 1 | 17 | 5 | 6 | 1 |
| 2 | 17 | 4 | 5 | |
| 2 | 23 | 4 | 6 | 4 |
| 3 | 23 | 3 | 4 | 5 |
| 4 | யாருமில்லை | | | ஒரு கோடு மட்டும் |

முதல் வாரம் ஒரு நாள் பாக்கி. இரண்டாம் வாரம் இன்னும் மூன்று சேர்ந்து நான்கு. மூன்றாம் வாரம் ஐந்து. நான்காம் வாரம் எண்ணுக்குப் பதில் கோடு, அதாவது தீர்ந்தது. ஐந்து நாள், நாளுக்கு 4, மொத்தம் 20. நான்காம் வாரப் பக்கத்தின் கடைசி வரியில், மையில், முறையான கையெழுத்தில் இப்படி ஒரு பதிவு: "எழுத்தர், முன்பணம், 20."

கதையின் எலும்புக்கூடு இவ்வளவே. பழைய எழுத்தர் தன் சம்பளத்தில் முன்பணம் வாங்கி இரண்டு ஆள்களின் பாக்கியைத் தீர்த்திருக்கிறார். அப்படித்தான் தோன்றுகிறது. அந்தத் தோற்றத்தில் ஓர் ஓட்டை இருக்கிறது. அதற்கு ஆறாம் படியில் வருகிறேன்.

புள்ளிகள் எப்போதும் ஆறாக இருக்கக் கூடாது என்பதைக் கவனியுங்கள். எல்லாம் ஆறாக இருந்தால் வாரத்தின் வேலை நாள் என்று வாசகர் உடனே பிடித்துவிடுவார். 6, 5, 6, 4 என்று மாறி வரும்போது பக்கத்தில் உள்ள மை எண்ணோடு ஒப்பிட்டால்தான் பொருள் கிடைக்கும்.

படி 2: மங்கலுக்குக் காரணம் கொடுங்கள்

இந்தக் கதையை எழுதும் பலர் மங்கலை வெறும் சூழலாக நினைக்கிறார்கள். பழையது, ஆகவே மங்கல் என்று போய்விடுகிறார்கள். உண்மையில் இந்தக் கதை நிகழ்வதற்கே மங்கல்தான் காரணம்.

பழைய அலுவலகங்களில் பரவலாக இருந்த இரும்பு உப்புக் கலந்த மை, எழுதும்போது வெளிறி இருந்து காற்றுப்பட்டுக் கறுக்கும். பல பத்தாண்டுகளில் அந்தக் கறுப்பு பழுப்பாக மாறும். நீர் கூட்டிய மலிவான மையாக இருந்தால் தேநீர்க் கறை அளவுக்கு வெளிறிவிடும். அதே மை அதிக வீரியமாக இருந்தால் தாளையே அரித்துப் பின்பக்கமும் தெரியும். பென்சிலின் கதை வேறு. அதில் இருப்பது கிராஃபைட், அதாவது கரிமத்தின் ஒரு வடிவம். அது வெளிச்சத்தில் வெளுக்காது, காலத்தில் நிறம் மாறாது. யாராவது அழித்தால் போகும், கை பட்டால் தேயும். மற்றபடி எழுதிய நாளில் எப்படி இருந்ததோ அப்படியே இருக்கும்.

இந்த இரண்டையும் சேர்த்துப் பாருங்கள். ஏடு புதிதாக இருந்தபோது கருகருவென்ற மை எழுத்துகளுக்குப் பக்கத்தில் அந்தச் சாம்பல் நிறப் புள்ளிகள் யார் கண்ணிலும் பட்டிருக்காது. முதலாளி, தணிக்கையாளர் எல்லோரும் மையைத்தான் படித்தார்கள். காலம் போகப்போக மை பின்வாங்கியது, பென்சில் அங்கேயே நின்றது. இப்போது புகைப்படத்தில் பக்கத்தின் மிகத் தெளிவான பகுதியே ஓரம்தான். மறைத்து வைத்தவரின் கணக்கை மையின் மங்கல் வெளியே கொண்டுவந்திருக்கிறது. கதைக்கு இதைவிட நல்ல காரணம் தேடத் தேவையில்லை. இதை விளக்கப் பத்தி போட்டு எழுதாதீர்கள். இரண்டே வாக்கியம் போதும்:

> எண்களைப் படிக்க அவள் படத்தைப் பெரிதாக்க வேண்டியிருந்தது. புள்ளிகளைப் பார்க்க எதுவும் செய்ய வேண்டியிருக்கவில்லை.

இரண்டு எச்சரிக்கைகள். மையெழுத்துப் பென்சில் என்று ஒரு வகை 1870களிலிருந்து அலுவலகங்களில் புழங்கியது. சாயம் கலந்தது, ஈரம் பட்டால் ஊதாவாக மாறும், அழிக்க முடியாது. உங்கள் எழுத்தர் கையில் அதைக் கொடுத்துவிடாதீர்கள். வேண்டும்போது அழித்துவிடலாம் என்பதுதான் அவர் சாதாரணப் பென்சிலை எடுத்ததற்குக் காரணம். அடுத்தது, கிராஃபைட் பளபளக்கும். விளக்கு ஒரு கோணத்தில் விழுந்தால் பென்சில் குறி படத்தில் வெள்ளையாகித் தொலைந்துபோகும். எனவே ஒரு பக்கத்தில் புள்ளிகள் பாதி தெரிந்து பாதி தெரியாமல் போகலாம். கதையில் ஓர் ஐயத்தைக் கூட்ட வேண்டுமென்றால் இந்த உண்மையே உங்களுக்குத் துணை.

படி 3: அவளுடைய வேலைக்கு விதிகள் வகுத்துக்கொள்ளுங்கள்

நம் எழுத்தர் துப்பறிபவள் அல்ல. அவளுக்கு ஏட்டைப் பற்றிய ஆர்வம் இருக்க வேண்டிய அவசியமும் இல்லை. அவளுக்குத் தேவை, விசையடிப்பு எண்ணிக்கையும் பிழை விழுக்காடும். அவளைச் சுற்றி நான்கு விதிகளைக் கட்டுங்கள். பிறகு கதை தானே நகரும்.

முதல் விதி, கண்ணில் படுவதை அப்படியே தட்டச்சு செய்ய வேண்டும், திருத்தக் கூடாது. பழைய பதிவுகளை எழுத்தாக்கும் வேலைகளில் இது அடிப்படை விதி. அசலில் தப்பு இருந்தால் அந்தத் தப்பும் வர வேண்டும்.

இரண்டாவது, திரையில் உள்ள படிவத்தில் நான்கு பத்திகளுக்கும் கட்டங்கள் உண்டு. ஓரத்துக்குக் கட்டம் இல்லை. ஒவ்வொரு வரியின் கடைசியிலும் ஒரே ஒரு உபரிக் கட்டம்: "முத்திரை எண், இருந்தால்." அதில் எண் மட்டுமே ஏறும். எழுத்து ஏறாது. இந்தச் சின்ன விவரத்தின் மீதுதான் முடிவு உட்கார்ந்திருக்கிறது; ஆகவே கதையின் முதல் கால்பகுதிக்குள் அதை அலட்சியமாகச் சொல்லிவிட்டுக் கடந்துவிடுங்கள்.

மூன்றாவது, ஒவ்வொரு பக்கத்தையும் இரண்டு பேர் தனித்தனியாகத் தட்டச்சு செய்கிறார்கள். ஒருவர் எழுதியது மற்றவருக்குத் தெரியாது. கணினி இரண்டையும் ஒப்பிட்டு, வேறுபடும் கட்டங்களைப் பட்டியலாக்கும். பிழையைக் குறைக்க உண்மையிலேயே பயன்படும் முறை இது. பகல் ஆள் முடித்த பக்கங்கள்தான் இரவுக்கு வருகின்றன என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்போதுதான் அவள் ஷிப்ட் முடிவதற்குள் வேறுபாட்டுப் பட்டியல் கிடைக்கும்.

நான்காவது, அனுப்பிய பக்கத்தைத் திரும்பத் திறக்க முடியாது.

இரவு ஏன்? தனிமைக்காக என்று பொதுவாகச் சொல்வார்கள். எனக்கு வேறொரு காரணம் பிடிக்கும். விடியலுக்கு முன், சுமார் 3 மணியிலிருந்து 6 மணி வரை, மனித உடலின் விழிப்பு மிகவும் கீழே இறங்கும். உடல் வெப்பமும் அந்த நேரத்தை ஒட்டியே மிகக் குறைவாக இருக்கும். அந்த நேரத்தில் கண்டுபிடித்த எதையும் அவளே நம்ப மாட்டாள். புள்ளிகளில் ஒழுங்கைக் கண்டால், "தூக்கக் கலக்கம்" என்றுதான் முதலில் நினைப்பாள். அந்தத் தயக்கம் கதைக்குப் பெரிய உதவி, ஏனென்றால் அவள் சோதித்துப் பார்க்க வேண்டியிருக்கும்.

படி 4: பக்கங்களைக் கலைத்துப் போடுங்கள்

படங்கள் வார வரிசையில் வந்தால் 1, 4, 5, கோடு என்று ஓடி, இரண்டாம் பக்கத்திலேயே குட்டு உடைந்துவிடும். பெரிய தொகுப்புகளைப் பல பேருக்குப் பிரித்துக் கொடுக்கும்போது ஒருவரிடம் வரிசையாக வராமல் போவது இயல்பு. அந்த இயல்பைப் பயன்படுத்திக்கொள்ளுங்கள். நான் பரிந்துரைக்கும் வரிசை இது.

முதலில், வெகு பிந்தைய ஒரு வாரம், உதாரணமாக ஏழாம் வாரம். இதற்காக ஐந்தாவதாக ஒரு தாளையும் எழுதிக்கொள்ளுங்கள். அதில் புள்ளி எதுவும் இல்லை. ஒரே ஒரு வரி: "எழுத்தர், சம்பளத்தில் முன்பணப் பிடித்தம், 4." வேலை எப்படி நடக்கிறது என்று காட்டும் சாக்கில் இந்த வரியைத் தட்டச்சு செய்ய வையுங்கள். வாசகர் இதை மறந்துவிடுவார். மறக்க வேண்டும்.

அடுத்து மூன்றாம் வாரம். நான்கு புள்ளிகள், பத்தியில் 3, அடியில் 5. அவள் புள்ளிகளைக் கவனிக்கிறாள், கடக்கிறாள். பிறகு முதல் வாரம்: ஆறு புள்ளிகள். இப்போது நின்று பார்க்கிறாள். பிறகு நான்காம் வாரம்: புள்ளி இல்லாததால் ஏமாற்றம், முன்பணம் 20 என்ற வரியை எந்திரம்போல அடித்துவிட்டு அனுப்பிவிடுகிறாள். கடைசியாக இரண்டாம் வாரம். அங்கேதான் புரிகிறது. புரியும் நேரத்தில் மிக முக்கியமான பக்கம் கைவிட்டுப் போயிருக்கிறது. நான்காம் விதியை எதற்குக் கட்டினோம் என்று இப்போது தெரிகிறதல்லவா?

நான்காம் வாரப் பக்கத்தைக் கடக்கும்போது உங்கள் கை சும்மா இருக்காது. "ஏனோ அந்த எண் அவள் மனதில் நின்றது" என்று எழுதத் துடிக்கும். எழுதினால் கதை கெட்டது. அந்தப் பக்கத்தில் வாசகரின் கவனத்தை வேறெங்காவது திருப்புங்கள். படம் கோணலாக எடுக்கப்பட்டிருக்கிறது, கடைசி வரி மடிப்புக்குள் பாதி போய்விட்டது, அவள் தலையைச் சாய்த்துப் படிக்கிறாள். உடல் அசைவோடு சேர்ந்துவிட்டதால் எண் நினைவில் இருக்கும். எதற்காக என்று தெரியாது.

படி 5: பொய்க் காரணங்களை ஒவ்வொன்றாகத் தள்ளச் செய்யுங்கள்

கதையின் நடுப்பகுதி இதுதான். புள்ளியைப் பார்த்ததும் பொருள் தேடினால் அவள் கற்பனைக்காரி. புள்ளி என்பது புள்ளிதானா என்று முதலில் கேட்டால் அவள் தொழில் தெரிந்தவள். ஒவ்வொரு பொய்க் காரணத்துக்கும் ஒரு சோதனை உண்டு. அந்தச் சோதனைகளை அவள் வேலைக்கு நடுவில், விசையிலிருந்து கை எடுக்காமலே செய்கிறாள்.

கேமராவில் தூசி படிந்திருக்கலாம். அப்படியானால் புள்ளி படச் சட்டத்தின் அதே இடத்தில் எல்லாப் படங்களிலும் இருக்கும். பக்கம் இடமாறினாலும் புள்ளி மாறாது. அவள் இரண்டு படங்களின் மூலையை ஒப்பிடுகிறாள். புள்ளிகள் பக்கத்தோடு நகர்கின்றன. ஆக, தூசி அல்ல.

பூச்சி அரித்த துளையாக இருக்கலாம். துளை ஒரு தாளோடு நிற்காது. அடுத்தடுத்த தாள்களிலும் ஏறக்குறைய அதே இடத்தில் தொடரும், தாளின் இருபக்கமும் தெரியும். இதைச் சரிபார்க்க அடுத்த தாள் வேண்டும். பக்கங்களோ கலைந்து வருகின்றன. எனவே இந்தச் சந்தேகம் உடனே தீராது. தீராமல் விடுங்கள். எல்லாச் சந்தேகங்களும் ஒரே வேகத்தில் தீர்ந்தால் படிப்பவருக்குப் பாடப்புத்தக உணர்வு வந்துவிடும்.

பின்பக்க மை ஊறி வந்திருக்கலாம். ஊறி வந்த எழுத்து இடவலம் மாறித் தெரியும், நிறமும் பழுப்பாக இருக்கும். இவை சாம்பல் நிறம்.

தணிக்கையாளரின் குறியாக இருக்கலாம். இதுதான் உண்மையிலேயே வலுவான மாற்று விளக்கம், இதற்கு அதிக இடம் கொடுங்கள். தணிக்கையில் பதிவுகளைச் சான்றுச்சீட்டோடு ஒப்பிட்டுக் குறி போடுவது பழைய பழக்கம். ஆனால் தணிக்கையாளர் தான் பார்த்த வரிகள் எல்லாவற்றுக்கும் ஒரே மாதிரி ஒரு குறி போடுவார். இங்கே சில வரிகளுக்கு மட்டும், அதுவும் ஒன்றுக்கு ஆறு, இன்னொன்றுக்கு நான்கு. குறியின் எண்ணிக்கை மாறுகிறது என்றால் அது "பார்த்தேன்" என்று சொல்லவில்லை, "இத்தனை" என்று சொல்கிறது. அவள் புள்ளியை எண்ணத் தொடங்குவது இந்த இடத்தில். அதற்கு முன்பு எண்ண விடாதீர்கள்.

படி 6: புரிகிற கணத்தைத் தட்டச்சுப் பிழையிலிருந்து வரச் செய்யுங்கள்

இரண்டாம் வாரப் பக்கத்தை அவள் அடித்து முடிக்கிறாள். திரையின் அடியில் அவள் அடித்த தொகைகளின் கூட்டு 406. ஏட்டின் அடியில் மையில் இருப்பது 388. வித்தியாசம் 18.

எண்களோடு வேலை செய்பவர்கள் கைவசம் ஒரு பழைய தந்திரம் உண்டு. கூட்டு ஒத்துவராமல் வித்தியாசம் 9ஆல் வகுபட்டால், எங்கோ இரண்டு இலக்கங்கள் இடம் மாறியிருக்கலாம் என்று முதலில் சந்தேகிப்பார்கள். 24ஐ 42 என்று அடித்தால் வித்தியாசம் 18. இரு இலக்க எண் எதை எடுத்து மாற்றினாலும் வித்தியாசம் 9இன் மடங்காகத்தான் வரும். அவள் மேலிருந்து கீழே பார்வையை ஓட்டுகிறாள், ஒன்பதாம் வரியில் 42 அகப்படுகிறது. ஆறு நாள், நாளுக்கு 4. 24 தான் இருக்க வேண்டும். திருத்துகிறாள்.

இந்தப் பிழை எதற்கென்றால், அவள் கண்ணைப் பக்கத்தின் அடிக்குக் கொண்டுபோவதற்கும், நாளைக் கூலியால் பெருக்கிப் பார்க்கும் மனநிலைக்கு அவளைத் தள்ளுவதற்கும்தான். தட்டச்சு செய்பவள் பொதுவாக எண்களைப் படிப்பதில்லை, கடத்துகிறாள். பிழை தேடும்போது மட்டுமே படிக்கிறாள். அந்தச் சில நிமிடங்களில் புள்ளிகளும் அவள் கண்ணில் எண்களாகிவிடுகின்றன:

> 388க்குக் கீழே பென்சிலில் ஒரு 4 இருந்தது. கூட்டுத்தொகையின் பகுதி என்று நினைத்து முதலில் விட்டிருந்தாள். 17க்கு நேராக ஐந்து புள்ளி. கொடுத்தது நான்கு நாள். 23க்கு நேராக ஆறு. கொடுத்தது நான்கு நாள். ஒன்று, இரண்டு. மூன்றுதான் வருகிறது. 4க்கு ஒன்று குறைந்தது. முந்தின வாரத்தில் 17க்கு ஆறு புள்ளி இருந்தது, பத்தியில் 5 என்று அடித்த நினைவு விரலில் இருந்தது.

"குறைந்தது" என்ற இடத்தில் வாசகர் ஒரு கணம் தடுமாற வேண்டும். மூன்று வந்து நான்கு எழுதியிருந்தால் ஊகம் தப்போ என்று தோன்றும். விட்டுப்போன ஒன்றை முதல் வாரத்திலிருந்து எடுத்துச் சேர்க்கும்போது இது தொடர்ந்து வரும் கணக்கு என்பது உறுதியாகிறது. தொடர்ச்சியான கணக்கு தற்செயலாக அமையாது. தூசியும் பூச்சியும் பாக்கியை அடுத்த பக்கத்துக்குக் கொண்டுபோவதில்லை. பூச்சித் துளைச் சந்தேகம் இங்கே, சோதனை இல்லாமலே, தீர்கிறது.

பிறகு ஐந்து, பிறகு கோடு, பிறகு மடிப்புக்குள் பாதி போன அந்த 20. இவற்றை நீட்டாதீர்கள். ஐந்தை நான்கால் பெருக்கும் வேலையை வாசகரிடமே விட்டுவிடலாம். பெருக்கலைக் கதைக்குள் எழுதிக் காட்டினால் அவருக்குச் செய்ய ஒன்றும் இருக்காது.

இப்போது நான் சொன்ன ஓட்டை. புள்ளிகளை வேறு விதமாகவும் படிக்கலாம். கூலியைக் குறைத்து எழுதி மீதியைத் தன் பையில் போட்டவரே அந்த எழுத்தராக இருக்கலாம். எவ்வளவு எடுத்தோம் என்று வைத்த குறிப்பாக இருக்கலாம். பயம் வந்து நான்காம் வாரம் நிறுத்தியிருக்கலாம். நல்ல வாசகர் ஒருவராவது இதைக் கேட்பார். கதைக்கு இது நல்லதுதான், ஆனால் நீங்கள் பதில் தயாராக வைத்திருக்க வேண்டும். திருடியவருக்கு அதே தொகைக்குத் தன் பெயரில் கடன் எழுதிக்கொள்ளும் தேவை இல்லை. முதல் பக்கத்தில் புதைத்து வைத்த "பிடித்தம், 4" இங்கே வேலை செய்கிறது: அவர் அந்தக் கடனை வாரம் நான்காகத் தன் சம்பளத்திலிருந்து கட்டியிருக்கிறார். வாரத்துக்கு ஒரு நாள் கூலி. இந்தச் சான்று நம்மை ஒரு பக்கம் சாய்க்கிறது, முழுவதும் தள்ளவில்லை. திருடிவிட்டு மனம் மாறித் திருப்பியவரும் இதையேதான் செய்திருப்பார். அவள் இரண்டையும் நினைக்கட்டும். எது உண்மை என்று அவளால் அறிய முடியாது, ஏட்டில் அதற்கான பக்கம் இல்லை. நான் எழுதினால், "எடுத்தவரோ, கொடுத்தவரோ, எண்ணியிருக்கிறார்" என்ற அளவில் அவளை நிறுத்துவேன்.

படி 7: முடிவை ஒப்பீட்டுப் பட்டியலில் வையுங்கள்

அவள் என்ன செய்வாள்? மேற்பார்வையாளரிடம் போய்ச் சொல்வது ஒரு வழி. அவர் "ஓரம் நம் வேலை இல்லை, பக்கத்தை அனுப்புங்கள்" என்பார். உண்மையில் அப்படித்தான் சொல்வார். ஆனால் அந்த உரையாடலை எழுதினால் கதை அலுவலகக் குறையாகச் சுருங்கிவிடும். அவளை யாரிடமும் பேச விடாதீர்கள்.

அவளிடம் இருப்பது இன்னும் அனுப்பாத ஒரே பக்கம், இரண்டாம் வாரம். அதில் முத்திரை எண்ணுக்கான உபரிக் கட்டம். 17க்கு நேராக 5 என்றும், 23க்கு நேராக 6 என்றும் அடிக்கிறாள். இது விதிமீறல். பகல் ஆள் அந்தக் கட்டத்தை வெற்றாக விட்டிருப்பார். இரண்டும் வேறுபாடாகப் பட்டியலில் ஏறும், அவள் கணக்கில் இரண்டு பிழை விழும். தெரிந்தே அனுப்புகிறாள்.

ஷிப்ட் முடிவில் பட்டியல் வருகிறது. அந்தப் பக்கத்துக்கு ஒரே ஒரு வேறுபாடு:

> வரி 9: 24 / 42

17உம் 23உம் பட்டியலில் இல்லை.

பகல் ஆளும் அதே எண்களை அதே கட்டத்தில் அடித்திருக்கிறார். இதைத் தவிர வேறு விளக்கம் இருக்க முடியாது. கட்டம் எண்ணை மட்டும் ஏற்கும் என்பதால் சொல் வேறுபாட்டுக்கு இடமில்லை. ஒன்பதாம் வரியில் பகல் ஆளும் இலக்கத்தை மாற்றி அடித்து, கவனிக்காமல் அனுப்பியிருக்கிறார் என்பது கூடுதல் பரிசு. பெயர் தெரியாத அந்த ஆள் அந்த ஒரு பிழையால் மனிதராகிவிடுகிறார்.

இங்கே எழுதுபவர்கள் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. வேறுபாடு இல்லாததை விளக்க ஒரு வாக்கியம் சேர்ப்பார்கள்: "அப்படியானால் வேறு யாரோ..." என்று. வேண்டாம். முத்திரைக் கட்டமும் இரட்டைத் தட்டச்சும் தொடக்கத்தில் தெளிவாகச் சொல்லப்பட்டிருந்தால் வாசகருக்கு இது தானே புரியும். புரியவில்லை என்று ஒருவர் சொன்னால் முடிவில் விளக்கம் சேர்க்காமல் மூன்றாம் படிக்குத் திரும்பிப் போய், விதியைச் சொன்ன வாக்கியத்தைச் செப்பனிடுங்கள். பட்டியலுக்குப் பிறகு இரண்டு வரிக்கு மேல் கதை ஓடக் கூடாது. அந்த இரண்டு வரியும் அவள் அடுத்து என்ன செய்தாள் என்பதாக இருக்கட்டும்: ஒன்பதாம் வரிக்குத் தன் எண்ணை உறுதி செய்கிறாள், வெளியேறுகிறாள்.

படி 8: அளவும் சரிபார்ப்பும்

இந்தக் கதைக்கு 2000 முதல் 2500 சொல் போதும். அதில் பாதியாவது நான்காம், ஐந்தாம் படிகளுக்குப் போகட்டும். அவளுடைய வீடு, கடன், காதல், நோய் எதுவும் தேவையில்லை. மற்றொருவரின் கூலி குறைந்ததை அவள் ஏன் கவனிக்கிறாள் என்று காரணம் கற்பிக்கத் தோன்றும். அவளும் நாள் எண்ணிக்கைக்குச் சம்பளம் வாங்குகிறவள் என்பதை எங்காவது ஒரு துணை வாக்கியத்தில் விட்டால் முடிந்தது.

பார்வைக் கோணம் படர்க்கையாக, அவளுக்கு மிக அருகில் இருக்கட்டும். "நான்" என்று எழுதினால் கண்டுபிடித்த பெருமை குரலில் ஏறிவிடும். பின்னால் தெரிந்ததை முன்னாலேயே சொல்லிவிடும் ஆசையும் வரும்.

முதல் வரைவு முடிந்ததும் நீங்கள் கையால் எழுதிய ஐந்து தாள்களை எடுத்து, கதையில் வரும் ஒவ்வொரு எண்ணையும் அவற்றோடு ஒப்பிடுங்கள். திருத்தும்போது ஓர் எண்ணை மாற்றினால் அது குறைந்தது மூன்று இடங்களில் மாற வேண்டும்: பத்தியில், புள்ளியில், அடிக் கணக்கில். நாள் கூலியை 4இலிருந்து 5 ஆக்கினால் முன்பணம் 25, பிடித்தம் 5, ஒன்பதாம் வரி 30. அதன் இலக்கங்களை மாற்றினால் 03. அப்படி யாரும் அடிக்க மாட்டார்கள், வித்தியாசமும் 27 ஆகிவிடும். ஒரு எண்ணைத் தொட்டதில் ஆறாம் படி முழுவதும் போய்விடும்.

கடைசியாக, கதையைக் காட்டாமல் அந்தத் தாள்களை மட்டும், நீங்கள் கலைத்த அதே வரிசையில், ஒரு நண்பரிடம் கொடுங்கள். புள்ளிகளுக்குப் பொருள் என்ன என்று கேளுங்கள். இரண்டாம் தாளிலேயே கண்டுபிடித்துவிட்டால் மூன்றாம் வாரத்தின் அடியிலுள்ள 5ஐ மடிப்புக்குள் மறையுங்கள். எல்லாத் தாளும் பார்த்த பிறகும் பிடிபடவில்லை என்றால், 23ஆம் எண்ணை நீக்கிவிட்டுப் பாக்கி முழுவதையும் 17இன் மேலேயே வைத்து மறுபடி எழுதுங்கள்.